குளிர்நாட்டுக் காற்றும் தொய்வும்: திருகோணமலையில் இருந்து புறப்படுவோருக்கு

கனடாவுக்கோ நோர்வேக்கோ இங்கிலாந்துக்கோ புறப்படுகிறவர்களின் பெட்டியில் தடித்த ஜாக்கெட் இருக்கும், கம்பளிக் காலுறை இருக்கும், அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோவாவது இருக்கும். மூச்சுக்குழாய்க்கு என்று யாரும் எதையும் எடுத்துவைப்பதில்லை. முதல் குளிர்காலம் பாதி போனதும் தொலைபேசி வரும்: இருமல் விடுகிறதில்லை, நெஞ்சு இறுகுகிறது, மாடிப்படி ஏறினால் விசில் சத்தம் கேட்கிறது, இரண்டு தடவை அன்ரிபயோட்டிக் குடித்தும் பயனில்லை.

இவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தடிமன் பிடித்திருக்கும். ஆனால் குளிரில் நடந்தால் வருவதும், இருந்தால் போவதும், மறுநாள் அதே நேரத்தில் மறுபடி வருவதுமாக இருக்கிற இருமல் கிருமியால் வருவது அன்று. மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இதுதான் அஸ்மா என்கிற தொய்வு; முன்கூட்டியே அறிந்துகொண்டால் இங்கிருந்தே ஆயத்தமாகப் போகலாம்.

குளிரை விட வறட்சிதான் காரணம்

நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் அடிக்குப் போய்ச் சேரும்போது 37 பாகை வெப்பமும் நிறைந்த ஈரமும் பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்ட 1000 லீற்றர் காற்றில் ஏறக்குறைய 44 கிராம் தண்ணீர் இருக்கும். மூன்று மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளியில் 28 பாகையில், 80 சதவீத ஈரப்பதனில் வீசும் காற்று அதில் பாதியை, அதாவது 22 கிராமை, தானே கொண்டுவந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் உதட்டை வெடிக்க வைக்கும் கச்சான் காற்றில் கூட 16 கிராம் வரை இருக்கும். சைபருக்குக் கீழே 10 பாகையில் உள்ள காற்றோ, முற்றாக ஈரம் நிறைந்திருந்தாலும், 2 கிராமுக்குச் சற்று மேலேதான் தாங்கும். அரைத் தேக்கரண்டி கூட இல்லை. மீதி முழுவதையும் உடல்தான் கொடுக்க வேண்டும்.

வானிலை அறிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கேயும் ஈரப்பதன் 80 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடிய அளவில் 80 சதவீதம் என்பதே அதன் பொருள். தாங்கக்கூடிய அளவே அற்பம் என்றால் அதில் 80 சதவீதமும் அற்பந்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை இழுக்கிறார். அந்த அளவு காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் வேலையை மூக்கு தனியாகவே செய்துவிடும். அதனால்தான் குளிரில் அசையாமல் நிற்கிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அதே மனிதர் நிமிடத்துக்கு 60 லீற்றருக்கு மேல் இழுப்பார். ஏறக்குறைய 35 லீற்றரைத் தாண்டியதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கின் வேலை அங்கே தப்பிப்போக, பாதி உலர்ந்த காற்று உள்ளே இருக்கும் சிறு குழாய்கள் வரை இறங்குகிறது.

அந்தக் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. காற்று அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும்போது உப்பு மட்டும் பின்தங்கிச் செறிவாகிறது. தொய்வு உள்ளவர்களின் சுவரில் ஒவ்வாமை உயிரணுக்கள் ஏற்கனவே விழிப்பாக இருப்பவை. உப்பு கூடியதும் அவை ஹிஸ்ரமீனையும் லியூக்கோற்றையீன் என்ற பொருளையும் கொட்டுகின்றன. உடனே குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. மற்றவர்களுக்கும் சுவர் உலரத்தான் செய்யும். இரண்டு இருமலோடு அது முடிந்துவிடும்.

குளிர்ச்சிக்கும் பங்கு உண்டு. குளிர்ந்து ஒடுங்கிய சுவரின் இரத்தக் குழாய்கள், ஓட்டம் நின்றதும் மறுபடி சூடாகி வீங்கி, வழியை இன்னும் ஒடுக்குகின்றன. இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் நீண்டகாலம் வாதாடினார்கள். ஆனால் பரிசோதனைக்கூடத்தில் அறை வெப்பத்தில் உள்ள வறண்ட காற்றை வேகமாக இழுக்கச் சொன்னாலே தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்குகிறது. அந்தச் சோதனை நோயைக் கண்டறியவே பயன்படுகிறது. எனவே முதற்குற்றவாளி வறட்சி என்று சொல்லத் தயக்கம் தேவையில்லை.

பஸ்ஸுக்குள் ஏறியதும் வருகிற இருமல்

உவர்மலையைச் சேர்ந்த ஓர் இளைஞர் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் களஞ்சியசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சிறுவயதில் தொய்வு இருந்து எட்டு வயதோடு நின்றுபோனவர். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை மூச்சு வாங்காமல் ஏறுவார். ஆகவே தன் நெஞ்சில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தை மாதத்தில் அழைத்தார்.

“பஸ்ஸில் ஹீற்றரை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள், மாமா. ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் இருமல் தொடங்கிவிடுகிறது. அந்தச் சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.”

“பஸ் தரிப்பிடத்துக்கு எப்படிப் போகிறீர்கள், தம்பி?”

“ஓட்டமும் நடையுந்தான். பத்து நிமிடம்.”

விடை அங்கேயே இருந்தது. உடலை வருத்தும்போது மூச்சுக்குழாய் ஓரளவு திறந்தே இருக்கும். சுருக்கம் உச்சத்துக்கு வருவது ஓட்டம் நின்று ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள். பிறகு அரைமணியில் இருந்து ஒரு மணிநேரத்துக்குள் தானே தணியும். ஆகவே தெருவில் பட்ட அடி பஸ்ஸுக்குள் வலிக்கிறது, பழி ஹீற்றரின் மேல் விழுகிறது.

அவர் பாமசியில் பீக் ஃபுளோ மீற்றர் ஒன்று வாங்கினார். ஊதினால் காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று காட்டும் குழாய் அது. எழுந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கிப் பிடித்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று தடவை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு இறங்குமுன் அவருக்கு 520 வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து ஏழாவது நிமிடம், பக்கத்து இருக்கைக்காரர் வேடிக்கை பார்க்க, ஊதினார்: 430. வேலைத்தளத்தில் முக்கால் மணி கழித்து 510. இறக்கம் 90, தொடக்க அளவில் 17 சதவீதம். 15 சதவீதத்தைத் தாண்டிய இறக்கம், அதுவும் தானே மீண்டுவந்த இறக்கம், தொய்வையே சுட்டும். இப்படி நான்கைந்து நாள் எழுதிய தாளை வைத்தியரிடம் கொண்டுபோனார். அதற்குமுன் இதே இருமலுக்கு அவருக்குக் கிடைத்தது இருமல் பாணிதான்.

திருகோணமலையில் மூச்சு வாங்காதவர் அங்கே இழுப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. கோணேசர் மலை ஏற்றத்தில் அவர் வாயால் இழுத்ததும் கடல் ஈரம் நிறைந்த காற்று. அவருடைய தொய்வு ஒளிந்திருந்ததே ஒழிய ஓடிப்போகவில்லை.

புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது

சிறுவயதில் முட்டு இருந்ததா, பீனிசம் அல்லது விடாத தும்மல் உண்டா, தோலில் கரப்பன் வந்ததா, பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ தொய்வு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் வைத்தியரைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. மூச்சுப் பரிசோதனை இங்கே சரியாக வந்துவிட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். தொய்வு வந்து போகிற நோய். வராத நாளில் சோதித்தால் குறை தெரியாது. உங்கள் பழைய கதையை முழுமையாகச் சொல்வதே அந்தச் சோதனையை விடப் பயன்படும்.

மாதம் ஒன்று என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தொய்வு உறுதியானால் தருகிற தடுப்பு மருந்து, அதாவது ஸ்டீரொயிட் பம்ப், அன்றே பலிக்காது. சுவரின் வீக்கம் வற்ற வாரக்கணக்காகும். ஓட்டத்தால் வரும் இழுப்பு நன்றாக அடங்க நான்கு வாரமும் செல்லலாம். பனியில் இறங்கிய பிறகு தொடங்கினால் அந்த நான்கு வாரமும் இருமலோடு போகும்.

நீலப் பம்ப், அதாவது சல்பியூற்றமோல், வேறு வகை. இறுகிய தசையை ஐந்து நிமிடத்தில் தளர்த்தும், ஆனால் வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் 2019 முதல் சர்வதேச தொய்வு வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம்மவர்கள் செய்வது நேர் எதிர். ஸ்டீரொயிட் என்ற சொல்லுக்குப் பயந்து தடுப்பு மருந்தை அலமாரியில் வைத்துவிட்டு, நீலத்தை நாள்தோறும் அடிப்பார்கள். அப்படி நாள்தோறும் அடித்தால் அதன் காப்பு நேரமும் குறைந்துகொண்டு போகும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் தடுப்பு மருந்து போதவில்லை என்று பொருள்.

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். வைத்தியரின் கடிதத்தில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சல்பியூற்றமோலை அல்பியூற்றரோல் என்பார்கள். இது தெரியாமல் மருந்துக் கடையில் நின்று தவித்தவர்கள் உண்டு. பம்புடன் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடும் ஒன்று தேவை. அது இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

பனியில் இறங்கிய பிறகு

கழுத்தை மட்டும் சுற்றும் சால்வையால் மூச்சுக்குப் பயன் இல்லை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சு சூடும் ஈரமும் நிறைந்தது. துணி அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து அடுத்த மூச்சோடு திருப்பித் தருகிறது. முகத்தில் குளிர் படுவதே சிலருக்கு நரம்பு வழியாக மூச்சுக்குழாயை இறுக்கும் என்பதால் கன்னமும் மூடியிருப்பது நல்லது. குழாய் போலத் தைத்த கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிடுவது வசதி. அரைமணி நடந்தால் அது நனைந்து, உறைந்து, தகடு போலாகிவிடும். அதன் வழியே மூச்சு விட முடியாமல் துணியைக் கீழே இறக்கிவிடுவீர்கள். பிறகு எல்லாம் வீண். ஆகையால் காய்ந்த துணி ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது வேகம். மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நடக்க முடிகிற வேகமே உங்களுக்கு ஏற்ற வேகம். வாய் திறந்தால் மெதுவாக்குங்கள். பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முந்திப் புறப்படுவது எந்த மருந்தையும் விட மலிவான வைத்தியம். பனி அள்ளுவதைக் கவனியுங்கள்: அது ஓட்டத்துக்கு நிகரான உழைப்பு, அதையும் குளிர் உச்சமாக இருக்கும் காலையில்தான் செய்கிறார்கள். விளையாடுகிறவர்கள் முதலில் குறுகிய குறுகிய ஓட்டங்களாகப் பத்துப் பதினைந்து நிமிடம் உடலைப் பழக்கினால், பாதிப் பேருக்கு அதன்பின் இரண்டு மணிநேரம் வரை இழுப்பு குறைவாகவே வரும்.

வைத்தியர் முன்கூட்டியே பம்ப் அடிக்கச் சொல்லியிருந்தால், வெளியே இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன் அடியுங்கள்; வழக்கமான அளவு இரண்டு அடி. பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசரில் ஒரு அடி அடித்து, மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து வினாடி பிடித்திருக்க வேண்டும். பிறகு இரண்டாவது அடி. ஸ்டீரொயிட் பம்ப் என்றால் முடிவில் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

பம்பை ஜாக்கெட்டின் வெளிப் பையிலோ இரவு முழுவதும் காரிலோ வைக்காதீர்கள். குளிர்ந்த குப்பியில் அழுத்தம் குறைந்து மருந்து அளவாக வெளிவராது. உள்பையில், உடம்போடு ஒட்டியபடி இருக்கட்டும். குளிர்ந்துவிட்டால் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டு அடியுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய் ஈரமாகும் என்று பலரும் சொல்வார்கள். குடித்த தண்ணீர் அந்தப் படலத்துக்கு நேராகப் போவதில்லை. கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கும். குடியுங்கள், ஆனால் பம்புக்குப் பதிலாக அன்று.

வீட்டுக்குள்

வெளியே இருக்கும் வறண்ட காற்றைத்தான் ஹீற்றர் சூடாக்குகிறது, தண்ணீர் சேர்ப்பதில்லை. சைபருக்குக் கீழ் 10 பாகைக் காற்றை அறைக்குள் 21 பாகைக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதன் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு விழும். சமையலும் குளியலும் மனித மூச்சும் சேர்ந்து அதைச் சற்று உயர்த்தும். ஈரமானி ஒன்றை வாங்கி அறையில் வைத்துப் பாருங்கள். 30க்கும் 50க்கும் இடையில் இருந்தால் போதும். கடுங்குளிரில் 30 சதவீதமே போதும்.

கூட்டினால் நல்லதுதானே என்று ஈரமூட்டும் இயந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிட்டால் கண்ணாடி யன்னலில் நீர் வழியும், மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், மெத்தையில் தூசுப்பூச்சி பெருகும். தொய்வுக்காரருக்கு வறட்சியை விட இவை கொடியவை. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் நிலக்கீழ் அறைகளில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கே வறட்சி இராது, பூஞ்சணந்தான் இருக்கும். உள்ளே துணி காயப்போடாதீர்கள். இருமல் வெளியே குறைந்து வீட்டில் கூடினால் குளிரைச் சந்தேகிக்க வேண்டாம், சுவரைப் பாருங்கள்.

இன்னொன்று நம் அடுப்பு. ஊரில் செத்தல் மிளகாய் வறுத்தால் புகை கூரைவழியே போய்விடும். அங்கே யன்னல்கள் அடைத்துக் கிடக்க, அதே புகை படுக்கையறை வரை வந்து தங்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் குளிர்காலத்தில் சாமிப் படத்துக்கு முன் புகையாமல் இருந்தால் சாமி கோபிக்காது.

தொய்வு அல்லாதவை

குளிரில் மூக்கு ஒழுகுவது எல்லோருக்கும் உண்டு. அது நோய் அன்று. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டைப் பக்கம் கரகரச் சத்தம் கேட்டு, ஓடும்போதே வந்து, நின்றதும் சில நிமிடத்தில் போய்விட்டால் அது குரல்வளை ஒடுங்குவதாக இருக்கலாம். தொய்வின் விசில் பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போது கேட்கும். குரல்வளைக்குப் பம்ப் பலிக்காது.

இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை குடிக்கிறவர்களுக்கு வரட்டு இருமல் வருவதுண்டு; அது கொழும்பிலும் வரும், ஒஸ்லோவிலும் வரும். மருந்தை மாற்றினால் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சளி இருமலோடு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடை குறைவும் சேர்ந்தால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். குளிரில் நடக்கும்போது நடுநெஞ்சு அழுத்தி, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி, நின்றால் தணிகிறது என்றால் அது இதயத்தின் வலியாக இருக்கக்கூடும். நடுவயதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். அவர்களைப் பனி அள்ள விட வேண்டாம்.

மூச்சு அடைத்துக்கொண்டால்

ஒரு வசனத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு விலா எலும்புகளுக்கிடையே உள்ளே இழுபடுகிறது, நீலப் பம்ப் அடித்தும் தணியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. ஆவி பிடிக்கவும் தைலம் பூசவும் போகாதீர்கள். கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, நோர்வேயில் 113. ஆங்கிலமோ நோர்வேஜிய மொழியோ சரளமாக வராவிட்டாலும் ‘அஸ்மா’ என்ற ஒரு சொல்லும் முகவரியும் போதும்.

அதுவரை நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும். ஸ்பேசர் வழியாக நீலப் பம்ப் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஓர் அடியாகப் பத்து அடி வரை கொடுக்கலாம். அம்புலன்ஸ் வருமுன்பே தணிந்துவிட்டாலும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம், ஏனெனில் சுவரின் வீக்கம் சில மணிநேரம் கழித்து இழுப்பை மறுபடி கொண்டுவரக்கூடும். வீட்டில் விட்டுச்சென்றால் அடுத்த இரண்டு நாளுக்குள் வைத்தியரைப் பார்த்து, தடுப்பு மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.